ஆன்லைன் வினாடி வினா: சுற்று நேரமும் தாமத லாகின் விதியும் பள்ளிகளுக்கு அனுப்பும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போட்டி 10 மணிக்குன்னு எழுதி அனுப்பினா போதாதா? ஏன் நாலு நேரம் எழுதச் சொல்றீங்க?"

போதாது. அந்த 10 மணி எதற்கான மணி என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. ஒரு ஆசிரியர் 10 மணிக்குப் பிள்ளைகளைக் கணினி அறைக்குக் கூட்டிப் போவார். இன்னொருவர் 10 மணிக்கு லாகின் பக்கத்தைத் திறப்பார். மூன்றாமவர் 10 மணிக்கு முதல் கேள்வி திரையில் இருக்கும் என்று நினைத்து 9.45க்கே எல்லோரையும் உட்கார வைத்திருப்பார். மூவரும் நீங்கள் எழுதியதைத்தான் படித்தார்கள், ஆனால் முதல் இருவரும் தாமதம்.

அதனால் ஒரு சுற்றுக்கு நான்கு நேரங்களைத் தனித்தனி வரியில் எழுதுங்கள்: லாகின் எப்போது திறக்கும், கேள்விகள் எப்போது வரும், கடைசியாக எத்தனை மணி வரை லாகின் செய்யலாம், சுற்று எப்போது முடியும். இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன், அப்போதுதான் குழப்பம் வராது. 40 கேள்விகள், 40 நிமிடம். லாகின் திறப்பது 9.30, கேள்விகள் 10.00, கடைசி லாகின் 10.10, முடிவு 10.40.

"இந்த அறிவிப்பை எத்தனை நாள் முன்னாடி அனுப்பணும்? எத்தனை தடவை?"

நான் மூன்று தடவை அனுப்புவேன். முதலாவது, ஒரு வாரம் முன்பு. இது தலைமையாசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் சேர்த்துப் போக வேண்டும், ஏனென்றால் கணினி அறையை ஒதுக்குவதும் அந்த நேரத்துப் பாடவேளையை மாற்றுவதும் பொறுப்பாசிரியர் கையில் மட்டும் இல்லை. இரண்டாவது, முந்தைய நாள் மதியம். இரவு அனுப்பினால் அது மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்த பிறகுதான் கண்ணில் படும். மூன்றாவது, அன்று காலை லாகின் திறந்த உடனே, இரண்டே வரி: "லாகின் திறந்துவிட்டது. 10.10க்கு மூடப்படும்."

மூன்றிலும் நேரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் அறிவிப்பில் "9.30" என்றும் இரண்டாவதில் "ஒன்பதரை மணியளவில்" என்றும் எழுதினால், நேரம் மாறிவிட்டதா என்று கேட்டு போன் வரும். "அளவில்" என்ற சொல்லையே இந்த அறிவிப்புகளில் சேர்க்காதீர்கள்.

"ஒரு மாதிரி அறிவிப்பு கொடுங்களேன், அப்படியே மாத்தி எழுதிக்கிறோம்."

சரி, இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

> முதல் சுற்று, 14ஆம் தேதி, வியாழக்கிழமை
> காலை 9.30 – லாகின் திறக்கும்
> காலை 10.00 – கேள்விகள் திரையில் வரும்
> காலை 10.10 – இதற்குப் பிறகு புதிதாக யாரும் லாகின் செய்ய முடியாது
> காலை 10.40 – எல்லா அணிகளுக்கும் சுற்று முடியும்
>
> 10.00க்குப் பிறகு வரும் அணிக்கு மீதமுள்ள நேரம் மட்டுமே கிடைக்கும். 10.07க்கு வந்தால் 33 நிமிடம்.
> நேரம் எங்கள் சர்வர் கடிகாரப்படி. லாகின் பக்கத்தின் மேல் மூலையில் அது தெரியும்.
> லாகின் ஆகவில்லை என்றால் திரையைப் போட்டோ எடுத்து 10.10க்குள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்: …

இதில் நான் கண்டிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வது "10.07க்கு வந்தால் 33 நிமிடம்" என்ற வரியை. "தாமதமாக வருவோருக்குக் கூடுதல் நேரம் வழங்கப்படமாட்டாது" என்று எழுதிப் பாருங்கள், அதைப் பத்துப் பேர் பத்து விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

"தேதி, கிழமை ரெண்டும் வேணுமா? 'நாளை'ன்னு போட்டா சுருக்கமா இருக்குமே."

இரண்டும் வேண்டும். "நாளை" கூடவே கூடாது. இது எனக்கே நடந்தது. புதன் இரவு 9 மணிக்கு "நாளை காலை 10 மணிக்கு முதல் சுற்று" என்று அனுப்பினேன். ஒரு பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் அதை வியாழன் காலையில்தான் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே வகுப்பாசிரியர்களுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் கைக்குப் போனபோது "நாளை" வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அந்தப் பள்ளியின் ஆறு அணிகள் வெள்ளிக்கிழமை காலை 9.30க்கே ஒழுங்காக உட்கார்ந்து லாகின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தன. யாரையும் குறை சொல்ல வழியில்லை, நான் எழுதிய விதம்தான் தப்பு. அனுப்பிய செய்தி கை மாறிக்கொண்டே போகும் என்று நினைத்து எழுதுங்கள், "இன்று", "நாளை", "இன்னும் ஒரு மணி நேரத்தில்" எல்லாம் தானாக விலகிவிடும்.

கிழமை எதற்கு என்றால் சரிபார்க்க. தேதியைத் தப்பாகத் தட்டிவிட்டாலும் கிழமை பொருந்தாமல் நிற்கும், யாராவது ஒரு ஆசிரியர் அன்றே கேட்டுவிடுவார்.

"தாமதமா வந்த அணிக்கு முழு 40 நிமிஷம் தரலாமா, மீதி நேரம் மட்டும்தானா?"

எங்களுக்குள் அதிகம் வாதாடியது இதைப் பற்றித்தான். இரண்டு முறை இருக்கிறது. ஒன்று, எல்லோருக்கும் ஒரே முடிவு நேரம், எப்போது வந்தாலும் 10.40க்குச் சுற்று மூடும். இன்னொன்று, ஒவ்வொரு அணிக்கும் தனிக் கடிகாரம், 10.08க்கு வந்தால் 10.48 வரை.

இரண்டாவது கேட்க இதமாக இருக்கும், பிள்ளைகள் மேல் இரக்கமும் வரும். ஆனால் ஒரு கணினி அறையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே பள்ளியில் ஐந்து அணிகள். நாலு அணிகள் 10.00க்கு ஆரம்பித்து 10.08க்குள் ஏழெட்டுக் கேள்விகளைத் தாண்டியிருக்கும். ஐந்தாவது அணி அப்போதுதான் உட்காருகிறது, பக்கத்துத் திரை கண்ணெதிரே. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை, காதில் விழுந்தாலே போதும். கேள்விகளின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தாலும் அதே 40 கேள்விகள்தானே. கடைசி எட்டு நிமிடத்தில் இன்னும் மோசம், முடித்த நாலு அணிகளும் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்க, இந்த ஒரு அணி மட்டும் விடை எழுதிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரே முடிவு நேரம்தான் என் முடிவு. தனிக் கடிகாரம் வேண்டுமென்றால் பெரிய கேள்வி வங்கி இருந்து, ஒவ்வொரு அணிக்கும் வேறு வேறு கேள்விகள் போக வேண்டும். பள்ளி அளவில் நடத்துகிற பெரும்பாலான போட்டிகளுக்கு அத்தனை கேள்விகள் கையில் இருக்காது.

எதைத் தேர்ந்தாலும் உங்கள் மென்பொருள் அதைத்தான் செய்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் அணி "தொடங்கு" பொத்தானை அழுத்தும்போது தனிக் கடிகாரம் ஓடுவதுதான் இயல்பான அமைப்பு. அறிவிப்பில் 10.40க்கு முடியும் என்று எழுதிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால் சில அணிகள் 10.50 வரை எழுதிக்கொண்டிருக்கும். நீங்களே ஒரு சோதனைக் கணக்கில் வேண்டுமென்றே ஏழு நிமிடம் தாமதமாக நுழைந்து, திரையில் 33 காட்டுகிறதா 40 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"அந்த 10 நிமிஷச் சலுகை எப்படிக் கணக்கு போட்டீங்க? 15 தரக்கூடாதா?"

சுற்றின் நீளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. 40 நிமிடச் சுற்றுக்கு 10. கடைசி நொடியில் நுழைந்தாலும் 30 நிமிடம் கையில் இருக்கும், 40 கேள்வியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். 20 நிமிடச் சுற்று என்றால் 5.

ஒவ்வொரு கேள்வியும் எல்லோர் திரையிலும் ஒரே நொடியில் வந்து 20 நொடியில் மறைகிற சுற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. போன கேள்வி போனதுதான். அங்கே கேள்வி தொடங்கும் நேரமே கடைசி லாகின் நேரமாக இருக்க வேண்டும், சலுகை கிடையாது. இந்த வித்தியாசத்தை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். முதல் சுற்றில் 10 நிமிடச் சலுகை பார்த்துப் பழகிய பள்ளிகள் இறுதிச் சுற்றிலும் அது உண்டு என்றுதான் நினைக்கும்.

"9.35க்கே லாகின் பண்ணிட்டோம், 10 மணிக்கு பார்த்தா மறுபடி பாஸ்வேர்ட் கேக்குது. நாங்க தாமதமா?"

இல்லை. ஆனால் விதி எழுதும்போது இதை யோசிக்காமல் விட்டிருந்தால் "தாமதம்" என்றுதான் பட்டியலில் வரும், அதுதான் சிக்கல்.

நடப்பது என்னவென்றால், கொஞ்ச நேரம் திரையில் எதுவும் தொடாமல் இருந்தால் தளம் தானாக வெளியே அனுப்பிவிடும். 20 நிமிடம் என்று வைத்திருந்தால், 9.35க்கு வந்த அணி 9.55க்கு வெளியே போய்விடும். பிள்ளைகளுக்குத் தெரியாது, காத்திருப்புத் திரைதானே இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை, கடைசி நிமிடத்தில் வந்தவர்களுக்கு எதுவும் ஆகாது.

இரண்டு வேலை செய்யுங்கள். அந்த 20 நிமிடத்தை 90 ஆக்குங்கள், அதாவது லாகின் திறப்பதிலிருந்து சுற்று முடியும் வரையுள்ள நேரத்தைவிட அதிகமாக. அப்புறம் விதியில் "அணியின் முதல் லாகின் நேரமே கணக்கில் கொள்ளப்படும்" என்று ஒரு வரி சேருங்கள்.

"9.52க்கே லாகின் பண்ணிட்டோம், நடுவுல நெட் போய்டுச்சு, 10.14க்கு திரும்ப வந்தோம். உள்ள விடுவீங்களா?"

விடுவோம். மேலே சொன்ன அந்த ஒரு வரியே இதற்கும் பதில். அணி முதலில் 9.52க்கு வந்துவிட்டது, 10.10 என்ற கதவு புதிதாக வருகிறவர்களுக்குத்தான். ஆனால் நெட் இல்லாத நேரம் திரும்பக் கிடைக்காது, 10.40க்கு அவர்களுக்கும் முடியும். அதுவரை அனுப்பிய விடைகள் பத்திரமாக இருக்கும். தேர்ந்தெடுத்து "அடுத்து" அழுத்தாத விடை சர்வருக்கு வந்திருக்காது என்பதையும் அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

"எங்க ஸ்கூல்ல 24 டீம். பாதிப் பேர் உள்ள போய்ட்டாங்க, மீதிப் பேருக்கு 429னு ஏதோ வருது. இது யார் தப்பு?"

நடத்துகிறவர்கள் தப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாமத லாகின் தகராறுகளில் பள்ளிக்கு உண்மையிலேயே அநியாயம் நடக்கிற இடம் இதுதான்.

ஒரு பள்ளியின் எல்லாக் கணினிகளும் பெரும்பாலும் ஒரே இணைய இணைப்பு வழியாக வெளியே வருகின்றன. உள்ளே 24 கணினி இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும் சர்வருக்கு ஒரே முகவரிதான் தெரியும். பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்க, ஒரு முகவரியிலிருந்து ஒரு நிமிடத்தில் இத்தனை லாகின் முயற்சிதான் என்று தளங்கள் வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பு 10 என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் "எல்லாரும் இப்போ அழுத்துங்க" என்கிறார், மணி 9.58. முதல் 10 அணிகள் உள்ளே போகின்றன. மீதி 14 அணிகளின் திரையில் `429 Too Many Requests` என்று வரும். பிள்ளைகள் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். தடுக்கப்பட்ட முயற்சியையும் எண்ணுகிற தளமாக இருந்தால், அழுத்த அழுத்தப் பூட்டு நீண்டுகொண்டே போகும். 10.11க்கு அழுகையோடு போன் வரும்.

அப்போது சர்வர் பதிவைத் திறந்து பாருங்கள். அந்தப் பள்ளியின் முகவரியிலிருந்து 9.58 முதல் முயற்சிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 429 இருக்கும். அவர்கள் நேரத்துக்கு வந்தார்கள், நாம்தான் கதவைத் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றால் பதிவில் வேறு எண் இருக்கும், பெரும்பாலும் 401. 10.10க்கு முன்பு முயற்சியே இல்லை, முதல் பதிவே 10.11 என்றால் அது உண்மையான தாமதம். தளத்துக்கே வந்து சேராத, பள்ளியின் சொந்த நெட் கோளாறும் பதிவில் தெரியாது, அதற்குத்தான் திரையின் போட்டோ கேட்கிறோம்.

சரி, அந்த 14 அணிகளை என்ன செய்வது? 10.20க்கு உள்ளே விட்டால் பக்கத்தில் 10 அணிகள் பாதிச் சுற்றை முடித்திருக்கும். அதனால் அதே கேள்விகளோடு விடாதீர்கள். அதே கடினத்தில் இன்னொரு 40 கேள்வித் தொகுப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், அன்றே 11.15க்கு அந்த 14 அணிகளுக்கு மட்டும் அதை நடத்துங்கள். விதியில் இப்படி இருக்கட்டும்: "கடைசி லாகின் நேரத்துக்குள் முயற்சி செய்ததும், தடை எங்கள் பக்கம் என்பதும் சர்வர் பதிவில் தெரிந்தால், மாற்றுக் கேள்விகளோடு அன்றே மறுசுற்று நடக்கும்." மாற்றுத் தொகுப்பு இல்லாமல் இந்த வரியை எழுதிவிடாதீர்கள்.

இந்தச் சிக்கலே வராமல் தடுக்க வேண்டுமென்றால், பதிவு செய்யும்போதே எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை அணி என்று கேட்டு வாங்கி, போட்டி நேரத்தில் அந்த வரம்பை மிகப் பெரிய பள்ளியின் எண்ணிக்கையைவிட நன்றாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். பெரிய பள்ளிகளுக்கு மட்டும் "9.35 முதல் 9.50க்குள், ஐந்தைந்து அணியாக லாகின் செய்யுங்கள்" என்று தனியாக எழுதுங்கள்.

"மெயில் மெர்ஜ்ல அனுப்பினோம், எல்லாருக்கும் நேரத்துக்குப் பதிலா 0.416666667னு போயிருக்கு!"

அது காலை 10 மணிதான். எக்செல் நேரத்தை ஒரு நாளின் பங்காக வைத்துக்கொள்ளும், 24 மணி நேரத்தில் 10 என்பது 0.4166… மின்னஞ்சலுக்குப் போகும்போது வடிவம் உதிர்ந்து எண் மட்டும் போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு நேரத்தை எழுத்தாக மாற்றி, அந்த நெடுவரிசையை இணையுங்கள்:

```
=TEXT(B2,"hh:mm AM/PM")
```

தப்பாகப் போனதற்குத் திருத்தம் அனுப்பும்போது பொருள் வரியிலேயே "திருத்தம் 1: முதல் சுற்று நேரம்" என்று போட்டு, நான்கு நேரங்களையும் முழுதாகத் திரும்ப எழுதுங்கள். மாறிய ஒன்றை மட்டும் அனுப்பினால் பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்கிற வேலை ஆசிரியர் தலையில் விழும்.

"வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்ல அனுப்பிட்டோம், சில ஸ்கூல் வரவே இல்லைங்கிறாங்க."

உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் ப்ராட்காஸ்ட் போய்ச் சேரும். பதிவு செய்த அன்றே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள், முக்கிய அறிவிப்பை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு வாரம் முன்பு போகும் அறிவிப்புக்கு "பார்த்தோம்" என்று ஒரு சொல் பதில் கேளுங்கள். பதில் வராத பள்ளிகளை மட்டும் போனில் கூப்பிட்டால் போதும்.

"எங்க கம்ப்யூட்டர்ல 10.08தான் ஆச்சு, ஆனா லாகின் மூடிடுச்சு."

கணினியின் கடிகாரம் பின்தங்கி இருந்திருக்கும். நீண்ட நாள் தொடாத கணினிகளில் இது சகஜம், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் நேரம் சரியாக இருக்காது. அதனால்தான் லாகின் பக்கத்திலேயே சர்வர் நேரத்தைக் காட்டச் சொல்கிறேன். இன்னொன்று, சில தளங்களில் திரையில் ஓடும் எண்ணிக்கை கணினியின் கடிகாரத்தை வைத்து ஓடும். ஒரு கணினியின் நேரத்தை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளிவைத்து, "இன்னும் 5 நிமிடம்" என்று தப்பாகக் காட்டுகிறதா என்று நீங்களே சோதியுங்கள். காட்டினால் அது உங்கள் பக்கத்துக் கோளாறு, அதற்கு அந்தப் பள்ளியைத் தாமதம் என்று தள்ள முடியாது.

"10.12க்கு ஒரு டீச்சர் போன் பண்ணி, ரெண்டு நிமிஷம்தானே, விட்டுடுங்கன்னு கெஞ்சறாங்க. என்ன சொல்றது?"

போன் எடுக்கிறவர் முடிவு சொல்லக்கூடாது, அதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அவர் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: "முதல் தடவை எத்தனை மணிக்கு முயற்சி செய்தீங்க மேடம்? திரையில என்ன எழுதியிருந்தது?" இரண்டையும் குறித்துக்கொண்டு, "பதிவைப் பார்த்துட்டு 10.40க்குள்ள கூப்பிடறோம்" என்று சொல்லி வைக்கட்டும், சொன்னபடி கூப்பிடட்டும். பதிவில் 10.10க்கு முன்பு முயற்சி இருந்து, தடை நம் பக்கம் என்றால் மறுசுற்று. இல்லையென்றால், "உங்க அணியோட முதல் முயற்சி 10.11க்குத்தான் பதிவாகியிருக்கு மேடம், அதனால இந்தச் சுற்றுல சேர்க்க முடியலை" என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். அந்த நேரத்தைச் சொல்லாமல் "விதிப்படி முடியாது" என்று மட்டும் வைத்துவிட்டால் அவர் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒரு பள்ளிக்கு இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்தால், 10.11க்கு வந்து மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போன அணிகளுக்கு என்ன பதில் சொல்வது? அவர்களும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள், போன் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

"முதல் சுற்று முடிவு வர லேட்டாச்சு. ரெண்டாவது சுற்று நேரத்தை அன்னிக்கே மாத்தலாமா?"

பின்னால் தள்ளலாம், முன்னால் இழுக்கவே கூடாது. மதியம் 2.00 என்று சொன்னதை 1.30 ஆக்கினால், நேரத்துக்கு வந்த பள்ளியும் தாமதமாகிவிடும். தள்ளும்போதும் பள்ளி விடும் நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேருந்து கிளம்பிவிட்டால் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அன்று முடியாது என்று தெரிந்தால் 1 மணிக்கே வேறு நாளுக்கு மாற்றிச் சொல்லிவிடுங்கள், 1.55 வரை காக்க வைக்காதீர்கள்.